தம்ப்நெயில் தலைப்பு சிறிய அளவில் படிக்க முடியவில்லை: விளிம்புக்கோட்டைத் தடித்தால் போதுமா?

ஊசிநூல் | மார்ச் 3, இரவு 9.10

யூடியூபில் தையல் பாடம் நடத்தும் சேனல் என்னுடையது. பிளவுஸ் கழுத்து லூசாகாமல் தைப்பதைப் பற்றிய காணொளிக்கு ஒரு தம்ப்நெயில் செய்தேன். அளவு 1280×720. பின்னணியில் பச்சைப் பட்டுத்துணியின் படம், அதன் மேல் சிவப்பு எழுத்தில் மூன்று வரிகளாக "வீட்டிலேயே பிளவுஸ் கழுத்து லூசாகாமல் தைப்பது எப்படி? முழு விளக்கம்" என்று எழுதி, சுற்றிலும் 4 பிக்சலில் வெள்ளை விளிம்புக்கோடு போட்டிருக்கிறேன். கணினியில் செய்யும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வேறொரு காணொளியைப் பார்க்கும்போது பக்கவாட்டில் வரும் பட்டியலில் அதே படத்தைப் பார்த்தால், துணியின் மேல் சிவப்பு நூல் சிக்கிக் கிடப்பதைப் போலத் தெரிகிறதே தவிர ஓர் எழுத்தும் புரியவில்லை.

கோட்டைத் தடிப்பதா, நிறத்தை மாற்றுவதா, சொற்களைக் குறைப்பதா என்று தெரியவில்லை. எதை முதலில் செய்ய வேண்டும்?

சிவப்புக்கொடி | மார்ச் 3, இரவு 9.52

சிவப்பை மாற்றாதீர்கள். கண்ணை முதலில் இழுக்கும் நிறம் அதுதான். வெள்ளைக் கோட்டை மட்டும் 4-லிருந்து 10 ஆக்கிவிடுங்கள். திருவிழாக் காணொளிகளுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

பலகை_ஆசாரி | மார்ச் 4, காலை 6.15

கடைப் பலகைகளுக்குப் பெயிண்டில் எழுத்து எழுதிப் பிழைத்தவன் நான். பிறகு ஃபிளெக்ஸ் வடிவமைப்புக்கு வந்தேன், இப்போது தம்ப்நெயிலும் செய்து கொடுக்கிறேன். அம்மா கேட்ட மூன்றுமே தேவைதான், ஆனால் வரிசை முக்கியம். சொற்களைக் குறைப்பது முதலில், எழுத்துக்கும் கோட்டுக்கும் நிறம் தேர்வது அடுத்து, கோட்டின் தடிமன் கடைசியில். பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

கணினியில் காணொளிக்குப் பக்கத்தில் வரும் பட்டியலில் தம்ப்நெயில் சுமார் 168 பிக்சல் அகலத்துக்குச் சுருங்குகிறது. 1280-ஐ 168-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஏழரை. அதாவது நீங்கள் வரைந்த ஒவ்வொன்றும் ஏழரை மடங்கு சிறிதாகும். மூன்று வரிகளை அடக்குவதற்காக உங்கள் எழுத்தின் உயரத்தை 45 பிக்சல் அளவில் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது 6 பிக்சல் ஆகிவிடும். 'ழு' என்ற எழுத்துக்குள் எத்தனை வளைவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆறு பிக்சல் உயரத்தில் அவற்றை எந்த நிறத்தாலும் காப்பாற்ற முடியாது. உங்கள் 4 பிக்சல் கோடோ அரை பிக்சலாகி, பக்கத்திலுள்ள சிவப்போடும் பச்சையோடும் கலந்து ஒரு வெளிறிய சாயமாகத் தங்கிவிடுகிறது. கோடு போட்டும் பயனில்லை என்று உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

தம்பி சிவப்புக்கொடி சொன்னதில் பாதி சரி. கோடு தடிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பச்சைத் துணியின் மேல் சிவப்பு எழுத்து என்பது நிறத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் வெளிச்சத்தில் வேறுபடுவதில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், எழுத்தும் துணியும் ஒரே சாம்பலாக நிற்கும். சிறிய அளவில் கண் எழுத்தின் வடிவத்தைப் பிடிப்பது வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டுதான்.

ஆறாம்_பாடவேளை | மார்ச் 4, காலை 7.40

தலைப்புக்கு யூடியூப் 100 எழுத்துகள் வரை இடம் தருகிறது. ஆனால் கைப்பேசியில் இரண்டு வரிக்கு மேல் போனால் வெட்டிவிட்டு மூன்று புள்ளிகளைப் போட்டுவிடுகிறது. ஆகவே முக்கியமான சொல்லை முன்னால் வைத்து, 'முழு விளக்கம்' என்பதைப் பின்னால் தள்ளுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களுக்கு நான் 'வடிவியல்' என்பதை முதல் சொல்லாக வைத்த பிறகுதான் மாணவர்கள் எளிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஊசிநூல் | மார்ச் 4, காலை 8.05

ஐயா, நீங்கள் சொல்வது படத்துக்குக் கீழே தட்டச்சு செய்யும் தலைப்பைப் பற்றி. நான் கேட்பது படத்துக்குள்ளேயே எழுதிய தலைப்பைப் பற்றி. இருந்தாலும் உங்கள் பதிலால் ஒன்று புலப்பட்டது. கீழே முழு வாக்கியமும் எப்படியும் இருக்கும்போது, அதையே படத்துக்குள் மறுபடியும் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

என் மாணவிகள் கேட்கும் கேள்வியையே எடுத்துக்கொண்டு "கழுத்து லூசா?" என்று இரண்டு சொல்லாக்கிவிட்டேன். கழுத்து ஒரு வரி, லூசா அடுத்த வரி. இப்போது எழுத்தின் உயரம் 150 பிக்சலுக்கு வருகிறது. ஆசாரி ஐயா ஊகித்ததும் சரிதான், பழையது 44 பிக்சல்.

கறுப்பு வெள்ளையாக்கியும் பார்த்தேன். எழுத்து காணாமல் போய் வெள்ளைக் கோட்டின் சிதறல்தான் மிஞ்சியது.

ஆறாம்_பாடவேளை | மார்ச் 4, காலை 8.20

படத்துக்குள் என்றால் எனக்கு அந்தச் சிக்கலே வந்ததில்லை. கரும்பலகையைப் படம் பிடித்து அதன் மேல் வெள்ளையில் எழுதுகிறேன், கோடே போடுவதில்லை.

பலகை_ஆசாரி | மார்ச் 4, காலை 11.30

வாத்தியாருக்குக் கோடு தேவைப்படாததற்குக் காரணம் அவருடைய பின்னணி முழுவதும் கருமையாக இருப்பதுதான். பட்டுத்துணி அப்படியில்லை. மடிப்பில் கருமை, மேட்டில் பளபளப்பு, ஓரத்தில் சரிகை. எந்த நிறத்தில் எழுதினாலும் ஓரிடத்தில் எழுத்தின் வெளிச்சமும் துணியின் வெளிச்சமும் ஒன்றாகிவிடும். விளிம்புக்கோடு அதற்காகத்தான் பிறந்தது. எழுத்து வெளிச்சமாகவும் கோடு இருட்டாகவும் இருந்தால், எழுத்தின் வடிவம் கோட்டுக்கு எதிரே தெரிகிறது. அதற்குப் பின்னால் துணி எந்த நிறத்தில் இருந்தாலும் கவலையில்லை. பின்னணி இருட்டாக இருக்கும் இடத்தில் கோடு மறைந்துபோகும், ஆனால் அங்கே எழுத்து தானாகவே தெரியும். பின்னணி வெளிச்சமாக உள்ள இடத்தில்தான் கோடு வேலை செய்யும்.

ஆகவே எழுத்துக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள கான்ட்ராஸ்ட்டைத்தான் அளக்க வேண்டும். இணையத்தில் இதை அளக்கும் பக்கங்கள் பல உள்ளன, இரண்டு நிறக் குறியீடுகளைக் கொடுத்தால் விகிதம் சொல்லும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் 21, அதற்கு மேல் கிடையாது. `#FFEB00` என்ற மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் 17-க்கு மேல் வரும். தூய சிவப்புக்கு வெள்ளைக் கோடு போட்டால் 4 தான். அம்மாவின் சிவப்பை `#FF0000` என்றும் துணியை `#008000` என்றும் வைத்துக்கொண்டால் 1.3 கூடத் தேறாது. இந்தியாவில் ரயில் நிலையப் பெயர்ப்பலகை மஞ்சளில் கறுப்பாக இருப்பது உங்களுக்கு நினைவு வரலாம்.

சிவப்புக்கொடி | மார்ச் 4, மதியம் 1.05

மஞ்சள் எழுத்துக்குக் கறுப்புக் கோடு என்றால் மலிவான சுவரொட்டியைப் போல இருக்கும். மஞ்சளுக்கு வெள்ளைக் கோடு போட்டால் மென்மையாக இருக்காதா?

பலகை_ஆசாரி | மார்ச் 4, மதியம் 1.20

மென்மையாகத்தான் இருக்கும், படிக்கத்தான் முடியாது. மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் விகிதம் 1.2 அளவில்தான் நிற்கிறது. எழுத்தும் கோடும் சேர்ந்து ஒரே கொழுத்த உருவமாகிவிடும்.

ஊசிநூல் | மார்ச் 4, இரவு 8.30

மஞ்சள் எழுத்து, கறுப்புக் கோடு, தடிமன் 14 என்று வைத்தேன். வெளிச்சம் சரியாகிவிட்டது. ஆனால் எழுத்து மெலிந்துவிட்டது. கோடு இல்லாமல் நன்கு தடித்திருந்த 'க' கோடு போட்டதும் ஒல்லியாகிவிட்டது. 'த்' மீதுள்ள புள்ளியோ மஞ்சளே தெரியாத கறுப்பு உருண்டையாகிவிட்டது. சுருக்கிப் பார்த்தால் 'கழுதது' என்று படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துருவே தமிழுக்குப் பொருந்தவில்லையோ என்று நினைக்கிறேன்.

விளிம்பு_வேட்டை | மார்ச் 4, இரவு 9.15

எழுத்துருவின் குற்றம் இல்லை. கோடு எழுத்தின் எல்லையில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஃபோட்டோஷாப்பில் லேயர் ஸ்டைலில் `Stroke` பகுதியில் `Position` என்று ஒரு தெரிவு இருக்கும். அது `Outside` என்று இருந்தால் 14 பிக்சலும் எழுத்துக்கு வெளியே போகும். `Center` என்றால் ஏழு வெளியே, ஏழு உள்ளே. உள்ளே போகும் ஏழு எழுத்தின் இரு பக்கத்திலிருந்தும் மஞ்சளைத் தின்கிறது. 26 பிக்சல் தடிமனுள்ள காலில் 12 தான் மிஞ்சும். 14 பிக்சல் அகலமுள்ள புள்ளி என்றால் ஒன்றுமே மிஞ்சாது.

இங்க்ஸ்கேப்பில் கோடு எப்போதும் நடுவில்தான் விழும். அங்கே `Fill and Stroke` பெட்டியில் வரிசையை மாற்றி, கோட்டை நிரப்பு நிறத்துக்கு அடியில் தள்ள வேண்டும். உள்ளே விழும் பாதி மறைந்துவிடும் என்பதால் தடிமனை இரட்டிப்பாக்க வேண்டும். எஸ்விஜியில் கையால் எழுதுவதானால் இப்படி:

```
<text x="60" y="300" font-size="240"
      fill="#FFEB00" stroke="#000000"
      stroke-width="28" stroke-linejoin="round"
      paint-order="stroke">கழுத்து</text>
```

28 என்று கொடுத்தால் வெளியே தெரிவது 14. `stroke-linejoin` என்பதை `round` என்று வைப்பதை மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் கூர்மையான மூலைகளில் கறுப்பு முட்கள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று. சில மென்பொருள்களில் கோடு ஒவ்வோர் எழுத்தாகப் போடப்படுவதால், அடுத்த எழுத்தின் கறுப்பு முந்தைய எழுத்தின் மஞ்சள் மீது ஏறிவிடுகிறது. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி வடிவங்களாக இருக்கும் நம் எழுத்தில் இது அதிகமாகவே நடக்கும். அப்போது எழுத்தை நகலெடுத்து, கோடு போட்டதைக் கீழேயும் கோடில்லாததை அதே இடத்தில் மேலேயும் வைத்துவிட்டால் தீர்ந்தது.

சிவப்புக்கொடி | மார்ச் 4, இரவு 10.40

வெளியே போட்டாலும் கோடு தடிமனாக இருந்தால் 'ழ', 'க' எழுத்துகளின் உள்துளைகள் அடைபட்டுவிடுமே. அதனால்தான் பலரும் தமிழுக்கு மெல்லிய கோடு போதும் என்கிறார்கள்.

பலகை_ஆசாரி | மார்ச் 5, காலை 6.00

இது நல்ல கேள்வி. துளை அடைபடுவது உண்மை. ஆனால் எந்த நிறத்தால் அடைபடுகிறது என்பதைப் பாருங்கள். கோடு வெளியே விழும்போது துளைக்குள் நிரம்புவது கறுப்பு. மஞ்சள் எழுத்துக்கு நடுவே கறுப்புத் துளை இருந்தால் எழுத்து இன்னும் தெளிவாகத்தான் தெரியும், முன்பு அந்தத் துளை வழியே பட்டுத்துணியின் சரிகை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையிலுள்ள சந்தும் அப்படித்தான். சந்து 16 பிக்சல், இரு பக்கமும் 14 கோடு என்றால் இரண்டு கறுப்பும் ஒன்றாகிவிடும், ஆனால் மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் இடையே அதே 16 பிக்சல் இருக்கிறது. சுருங்கினாலும் இரண்டு பிக்சல் இடைவெளி தங்கும்.

உண்மையில் துளையை அடைப்பது எழுத்துருவின் எடை. முக்தா மலரிலோ பலூ தம்பி 2-இலோ இருக்கும் மிகத் தடித்த எடையை எடுத்தால், துளைக்குள் ஏறுவது மஞ்சள். அது அடைத்துக்கொண்டால் எந்தக் கோடும் திறக்காது. ஆகவே அம்மா, எழுத்துருவில் ஒரு படி கீழிறங்கி போல்டு எடையை எடுத்துக்கொண்டு, தடிமனைக் கோட்டில் கூட்டுங்கள். புள்ளி சிறிதாக இருக்கும் எழுத்துருவாக இருந்தால், எழுத்தை வெக்டராக மாற்றிவிட்டுப் புள்ளியை மட்டும் தனியே பெரிதாக்குங்கள். பலகை எழுதும்போதும் தூரத்திலிருந்து பார்க்கும் பலகைக்குப் புள்ளியைச் சற்றுப் பெரிதாகத்தான் வைப்போம்.

கோட்டுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. சுருங்கிய பிறகு ஒன்றரைப் பிக்சலாவது இருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் மூலப்படத்தில் 12 வேண்டும். மேல் எல்லையை எண்ணால் சொல்ல முடியாது. ஒரு வரியின் கோடு மற்ற வரியின் மஞ்சளைத் தொடும்வரை போகலாம்.

விளிம்பு_வேட்டை | மார்ச் 5, காலை 9.25

ஐயாவின் பிக்சல் கணக்கில் ஒரு திருத்தம். 168 என்பது சாதாரணக் கணினித் திரைக்குப் பொருந்தும். இன்றைய கைப்பேசித் திரைகளில் அதே இடத்துக்கு இரண்டு மூன்று மடங்கு அடர்த்தியில் பிக்சல்கள் உள்ளன, யூடியூபும் அதற்கேற்பப் பெரிய படத்தையே அனுப்புகிறது. அங்கே அரை பிக்சலாகிக் கோடு கரைவதில்லை. படம் கூர்மையாகவே இருக்கும், ஆனால் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குள் அடங்கியிருப்பதால் கண்ணுக்கு எட்டாது. விளைவு ஒன்றுதான், காரணம் வேறு. கைப்பேசியின் முதல் பக்கத்தில் தம்ப்நெயில் திரையின் முழு அகலத்துக்கும் வருகிறது, அங்கே பழைய படம்கூட ஓரளவு தெரிந்திருக்கும்.

இதனால் சோதனை முறையும் மாறுகிறது. மென்பொருளில் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்ப்பது போதாது. மோசமான நிலையைப் பார்க்க இமேஜ்மேஜிக்கில் இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம்:

```
magick thumb.png -resize 168x -quality 80 small.jpg
```

ஜேபெக்காகச் சேமிப்பது வேண்டுமென்றுதான். அந்த வடிவம் பெரும்பாலும் நிறத்தைப் பாதித் துல்லியத்திலும் வெளிச்சத்தை முழுத் துல்லியத்திலும் வைத்துக்கொள்கிறது. பச்சையின் மேல் சிவப்பு கசிவதற்கு அதுவும் ஒரு காரணம். காணொளியை ஏற்றிய பிறகு, யூடியூபே தயாரிக்கும் 320×180 படத்தையும் திறந்து பார்க்கலாம். முகவரியில் காணொளியின் அடையாளத்தைப் போட்டால் போதும்:

```
https://i.ytimg.com/vi/VIDEO_ID/mqdefault.jpg
```

பலகை_ஆசாரி | மார்ச் 5, காலை 10.10

திருத்தம் சரி. இருந்தாலும் நான் பிக்சல் கணக்கையே வைத்துக்கொள்வேன், பழைய கணினியில் தெரிவது புதிய கைப்பேசியிலும் தெரியும். கைப்பேசிக்கு என் சோதனை வேறு. படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பி, மற்ற தம்ப்நெயில்களின் நடுவே அதே அளவில் வைத்து, திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்கி, கையை முழுவதும் நீட்டிப் பார்ப்பேன். தலைப்பு என்னவென்று தெரியாத ஒருவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது. எழுதியவர் கண்ணுக்கு எழுத்து எப்போதும் தெரியும்.

ஊசிநூல் | மார்ச் 5, இரவு 9.40

`Center` தான் இருந்தது. `Outside` ஆக்கியதும் எழுத்தின் உடம்பு திரும்பி வந்துவிட்டது. எடையை ஒரு படி குறைத்தேன். புள்ளியை 30 பிக்சலுக்குப் பெரிதாக்கினேன். சுருக்கிய படத்தைப் பக்கத்து வீட்டு மாணவியிடம் காட்டியபோது "கழுத்து லூசா" என்று தயங்காமல் படித்தாள். கேள்விக்குறியைப் படிக்கவில்லை.

பார்த்தால், கேள்விக்குறி வலது கீழ் மூலையில் இருக்கிறது. காணொளியின் நேரத்தைக் காட்டும் கறுப்புப் பெட்டி சரியாக அதன் மேல்தான் வந்து உட்காரும். மாதிரித் திரையில் அந்தப் பெட்டியையும் வரைந்து காட்டியதால் தெரிந்தது. இரண்டு வரிகளையும் இடப்பக்கம் மேலே ஏற்றிவிட்டேன். பாதி பார்த்தவர்களுக்கு அடியில் சிவப்புப் பட்டை ஓடும் என்பதால் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். 'லூ' எழுத்தின் கீழ்ச்சுழி அதில் மாட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கழுத்து லூசாகி மடிந்து நிற்கும் இடம் படத்தின் வலப்பக்கம் இருக்கிறது. எழுத்து பெரிதானதால் அதன் ஓரத்தைத் தொடுகிறது. எழுத்தைச் சிறிதாக்குவதா, படத்தை நகர்த்துவதா?

பலகை_ஆசாரி | மார்ச் 6, காலை 6.20

படத்தை நகர்த்துங்கள். துணியை இன்னும் நெருங்கி வெட்டினால் மடிப்பும் பெரிதாகத் தெரியும், இடப்பக்கத்துப் பட்டும் வெறுமையாகும். எழுத்துக்குப் பின்னாலுள்ள துணியை மட்டும் சற்று இருட்டாக்கினால் 14 பிக்சல் கோட்டை 12 ஆக்கிக்கொள்ளலாம், தம்பி சொன்ன சுவரொட்டித் தோற்றமும் குறையும்.

சிவப்புக்கொடி | மார்ச் 6, காலை 9.30

அப்படி இருட்டாக்குவதற்குப் பதிலாக, எழுத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டையையே வைத்துவிட்டால் கோடே தேவையில்லையே. அல்லது மங்கலான நிழல் போதாதா?

விளிம்பு_வேட்டை | மார்ச் 6, காலை 10.05

நிழல் மட்டும் போதாது. 20 பிக்சலுக்குப் பரவும் நிழல் சுருங்கியதும் மூன்று பிக்சலுக்குள் கரைந்து எழுத்தின் ஓரத்தையே மங்கலாக்கும். கோட்டுக்கு வெளியே கூடுதலாக வைத்தால் கெடுதல் இல்லை. பட்டை வேறு விஷயம். படிக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் பட்டைதான் எல்லாவற்றையும்விட உறுதியானது, என் காணொளிகளுக்கு அதைத்தான் வைக்கிறேன்.

பலகை_ஆசாரி | மார்ச் 6, காலை 10.30

அதில் எனக்கு உடன்பாடில்லை. தையல் காணொளியில் பார்வையாளர் தேடுவது துணியை. பட்டை படத்தில் கால்வாசியை விழுங்கிவிடும்.

ஊசிநூல் | மார்ச் 6, இரவு 9.00

இரண்டையும் செய்திருக்கிறேன். கோடு போட்டது ஒன்று, பட்டை வைத்தது ஒன்று. யூடியூப் ஸ்டுடியோவில் ஒரே காணொளிக்கு மூன்று தம்ப்நெயில் வரை மாற்றி மாற்றிக் காட்டி ஒப்பிடும் வசதி இருப்பதால், மூன்றாவதாகப் பழைய சிவப்பையும் சேர்த்து ஏற்றிவிட்டேன். அந்த ஒப்பீடு, பார்த்த நேரத்தில் எந்தப் படத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் சொல்லும், எது நன்றாகப் படிக்க முடிகிறது என்பதைச் சொல்லாது என்பதும் தெரியும். என் சேனலுக்கு வரும் கூட்டத்துக்கு முடிவு தெளிவாக வருமா என்பதும் ஐயம்தான். வந்தால் இங்கே எழுதுகிறேன்.

ஆறாம்_பாடவேளை | மார்ச் 7, காலை 7.15

என் கரும்பலகைப் படத்தையும் 168-க்குச் சுருக்கிப் பார்த்தேன். வெள்ளை எழுத்து தெரிகிறது, ஆனால் சுண்ணக்கட்டியில் வரைந்த முக்கோணத்தின் கோடுகள் காணவில்லை. எழுத்துக்குச் சொன்ன 12 பிக்சல் கணக்கு வரைபடத்துக்கும் பொருந்துமா, ஆசாரி ஐயா?

பலகை_ஆசாரி | மார்ச் 7, காலை 7.50

கோட்டின் தடிமனுக்குப் பொருந்தும். ஆனால் சுண்ணக்கட்டியின் கோடு சொரசொரப்பானது, அதற்குள் கருமை கலந்திருப்பதால் சுருங்கும்போது சாம்பலாகிவிடும். முக்கோணத்தை மட்டும் மென்பொருளில் தூய வெள்ளையில் 12 பிக்சலில் மேலே வரைந்து பாருங்கள். கரும்பலகை இருட்டாக இருப்பதால் அதற்கு விளிம்பு வேண்டாம்.